ஐந்து படி மதிப்பெண்ணில் ஒவ்வொரு படிக்கும் என்ன எழுதுவது? – செவிலியர் ஹேண்ட்ஓவர் மதிப்பீடு

நொச்சிப்பூ

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர்களின் பணித்தரத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் மருந்து கொடுத்தல், பதிவேடு எழுதுதல், நோயாளியிடம் பேசுதல், பணி முடியும்போது அடுத்த செவிலியரிடம் ஹேண்ட்ஓவர் கொடுத்தல் என்று தலைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு தலைப்புக்கும் வார்டு இன்சார்ஜ் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். 5 என்றால் மிகச் சிறப்பு, 3 என்றால் திருப்தி, 1 என்றால் மோசம் என்பதைத் தவிர வேறு விளக்கம் எதுவும் படிவத்தில் கிடையாது.

ஒரே செவிலியர் இரண்டு வார்டுகளில் மாறி மாறிப் பணி செய்தபோது, ஹேண்ட்ஓவருக்கு ஒரு இன்சார்ஜ் 4 போட்டார், இன்னொருவர் 2 போட்டார். இருவருமே அனுபவமும் நேர்மையும் உள்ளவர்கள். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கம் எழுத முடிவு செய்து, முதலில் ஹேண்ட்ஓவருக்கு ஒரு வரைவு தயாரித்திருக்கிறேன். 5: எப்போதும் முழுமையான தகவலைத் தெளிவாகத் தருவார். 4: பெரும்பாலும் முழுமையான தகவலைத் தருவார். 3: போதுமான தகவலைத் தருவார். 2: சில நேரங்களில் தகவலை விட்டுவிடுவார். 1: அடிக்கடி முக்கியத் தகவலை விட்டுவிடுவார்.

இது போதுமா, இன்னும் விரிவாக எழுத வேண்டுமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை

எங்கள் மருத்துவமனையிலும் ஐந்து நட்சத்திரக் கருத்துப் படிவம் வைத்திருக்கிறோம். நோயாளிகள் பெரும்பாலும் 5 போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அல்லது கோபத்தில் 1 போடுகிறார்கள். எண்களுக்குப் பதிலாக முகப் படங்களை வைத்த பிறகு நிரப்புகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. நீங்களும் அதை முயன்று பார்க்கலாம்.

நொச்சிப்பூ

நன்றி. ஆனால் நான் கேட்பது நோயாளிகள் நிரப்பும் கருத்துப் படிவத்தைப் பற்றி அல்ல. அங்கே ஒவ்வொருவரும் தம் மனத்தில் பட்டதைச் சொல்லலாம். அது வேறுபடுவதே இயல்பு. இங்கே மதிப்பிடுகிறவர்கள் பயிற்சி பெற்ற இன்சார்ஜ்கள். ஒரே வேலையைப் பார்க்கும் இருவர் ஒரே எண்ணுக்கு வர வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை.

பழைய மேட்ரன்

சகோதரி, உங்கள் வரைவை வைத்துக்கொண்டு அந்த இரண்டு இன்சார்ஜ்களையும் மறுபடி மதிப்பெண் போடச் சொன்னால் அதே 4, அதே 2 தான் வரும். முன்பு ‘திருப்தி’ என்ற சொல்லில் இருந்த கருத்து வேறுபாடு இப்போது ‘பெரும்பாலும்’, ‘போதுமான’, ‘முழுமையான’ ஆகிய சொற்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. போதுமான தகவல் எது என்பதில்தானே அவர்கள் இருவரும் வேறுபடுகிறார்கள்? தவிர, ஆண்டு முழுவதும் நடந்த ஹேண்ட்ஓவர்களில் இன்சார்ஜ் நேரில் பார்த்தது மிகச் சிலவற்றைத்தான். அப்படியிருக்க, ‘எப்போதும்’ என்று அவர் எதைக் கொண்டு சொல்ல முடியும்?

படிகளை மேசையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. வார்டில் நடந்தவற்றிலிருந்து எடுக்க வேண்டும். இந்த முறை முதன்முதலில் செவிலியர் மதிப்பீட்டுக்காகவே உருவானது என்பது உங்களுக்கு ஊக்கம் தரலாம். 1963-இல் பட்ரீஷியா கெய்ன் ஸ்மித், லார்ன் கெண்டல் என்ற இரு உளவியலாளர்கள் வெவ்வேறு மருத்துவமனைகளின் தலைமைச் செவிலியர்களிடமிருந்து எடுத்துக்காட்டுகளைப் பெற்று, அவர்களைக் கொண்டே தரம் பிரித்து இந்த அளவுகோலை அமைத்தார்கள்.

நான் பணியில் இருந்தபோது செய்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் இன்சார்ஜ்களிடமும், அவர்களைவிட முக்கியமாக, ஹேண்ட்ஓவர் வாங்கிக்கொள்ளும் செவிலியர்களிடமும் அட்டைகளைக் கொடுத்து, அவர்கள் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்வை எழுதச் சொல்லுங்கள். சூழல் என்ன, அவர் என்ன சொன்னார் அல்லது செய்தார், அதன் பிறகு என்ன நடந்தது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். ‘அக்கறையில்லாமல்’, ‘பொறுப்பாக’ போன்ற தீர்ப்புச் சொற்கள் வந்தால், அட்டையைத் திருப்பிக் கொடுத்து, எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று கேட்டு அதை எழுத வையுங்கள். செவிலியரின் பெயர் எந்த அட்டையிலும் இருக்கக் கூடாது.

அடுத்ததாக, எல்லாத் தலைப்புகளின் அட்டைகளையும் கலந்து, அவற்றை எழுதாத வேறு பத்துப் பேரிடம் கொடுங்கள். இது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது, ஐந்துக்கு எத்தனை பெறும் என்ற இரண்டை மட்டும் அவர்கள் தனித்தனியே, ஒருவரோடொருவர் பேசாமல் குறிக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேராவது ஒரே தலைப்பைச் சொல்லாத அட்டையை எடுத்துவிடுங்கள். எஞ்சிய அட்டைகளில் மதிப்பெண்கள் நெருங்கி நிற்பவை மட்டுமே உங்கள் படிகளுக்கு விளக்கமாகத் தகுதி பெறும்.

எண்ணாளர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், புள்ளியியல் படித்தவன். இவ்வளவு உழைப்பு தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு இன்சார்ஜ்களின் மதிப்பெண்களுக்கும் இடையே உள்ள ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுங்கள். அது 0.9-க்கு மேல் இருந்தால் அவர்கள் ஒத்துப்போகிறார்கள் என்று பொருள். ஒருவர் கறாராகவும் ஒருவர் தாராளமாகவும் போடுகிறார்கள் என்றால், ஒவ்வொருவருடைய சராசரியையும் அவர் போட்ட மதிப்பெண்களிலிருந்து கழித்துவிட்டால் அந்த வேறுபாடு நீங்கிவிடும். அளந்து பார்க்காமல் சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

பழைய மேட்ரன்

அளந்து பார்க்க வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒட்டுறவு அதற்கு உதவாது, ஐயா. ஐந்து செவிலியர்களுக்கு ஒரு இன்சார்ஜ் 5, 4, 4, 3, 2 என்று போடுகிறார். மற்றவர் அதே ஐவருக்கும் அதே வரிசையில் 4, 3, 3, 2, 1 என்று போடுகிறார். ஒட்டுறவு சரியாக 1. ஆனால் ஐவரில் ஒருவருக்குக்கூட இருவரும் ஒரே எண்ணைப் போடவில்லை. எங்கள் படிவத்தில் 2 வாங்கியவர் மறுபயிற்சிக்குப் போக வேண்டும், 3 வாங்கியவர் போக வேண்டாம் என்றால், நான்காவது செவிலியரின் நிலை என்ன ஆகும்?

சராசரியைக் கழிப்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. இருவரும் ஒரே செவிலியர்களை மதிப்பிட்டால் அது ஓரளவு பொருந்தும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் இன்சார்ஜ் மதிப்பிடுவது பல ஆண்டுப் பயிற்சி உள்ளவர்களை. பொது வார்டு இன்சார்ஜ் மதிப்பிடுவதில் பாதிப் பேர் அந்த ஆண்டுதான் சேர்ந்தவர்கள். அங்கே சராசரியைக் கழித்தால் உண்மையான வேறுபாடும் சேர்ந்து கழிந்துவிடும்.

எண்ணாளர்

செவிலியர்கள் வார்டுகளுக்கு அப்படிப் பிரித்து அனுப்பப்படுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்படியானால் கழித்தல் சரிவராது, ஏற்கிறேன். ஒட்டுறவுக்குப் பதிலாக, எத்தனை முறை ஒரே எண், எத்தனை முறை ஓர் எண் தள்ளி, எத்தனை முறை அதற்கும் அப்பால் என்று எண்ணினாலே தொடக்கத்துக்குப் போதும். எண்ணிக்கை பெருகிய பிறகு எடையிட்ட கப்பா என்ற ஒத்துப்போதலின் அளவைக் கணக்கிடலாம். தற்செயலாக ஒத்துப்போவதை அது கழித்துவிடும்; 4-க்கும் 5-க்கும் உள்ள விலகலை, 1-க்கும் 5-க்கும் உள்ள விலகலைப்போல் நடத்தாது.

தமிழாசிரியை

என் துறை வேறு என்றாலும் இந்த உரையாடல் எனக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் கட்டுரைகளைத் திருத்தும்போது 1-க்கும் 5-க்கும் சண்டையே வராது. எல்லாச் சண்டையும் 3-இல்தான். ஒரு கட்டுரையில் கருத்துச் செறிவு இருக்கும், சந்திப் பிழைகள் மலிந்திருக்கும். ஓர் ஆசிரியர் 4 போடுவார், இன்னொருவர் 2 போடுவார். கூடிப் பேசி 3 என்று முடிப்போம். நடுப்படிக்கு நீங்கள் எதை எடுத்துக்காட்டாக வைப்பீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பழைய மேட்ரன்

அம்மா, இந்த வேலையின் கடினமான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். எங்களிடம் வந்த இரண்டு அட்டைகளைக் கொண்டு விளக்குகிறேன்.

முதல் அட்டை: ‘அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளியின் டிரெயின் குழாயில் காலை முதல் வந்த அளவையும் நிறத்தையும் சொன்னார், இரவு 10 மணிக்குக் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கையும், இன்னும் வராத லேப் ரிப்போர்ட்டையும் கேட்காமலேயே சொன்னார்.’ பத்துப் பேர் இதற்குக் கொடுத்தவை 4, 4, 5, 4, 4, 4, 3, 4, 4, 4. சராசரி 4.

இரண்டாவது அட்டை: ‘ஹேண்ட்ஓவர் நடுவே நோயாளியின் மகன் வந்து சந்தேகம் கேட்டார்; அதை நிறுத்திவிட்டு அவருக்குப் பதில் சொல்லி முடித்த பிறகு தொடர்ந்தார்.’ இதற்கு வந்தவை 2, 4, 3, 5, 1, 3, 4, 2, 3, 3. சராசரி 3.

சராசரியை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது அட்டையை 3-ஆம் படியில் வைத்துவிடுவார். ஆனால் அந்த 3 நடுத்தரமான வேலையைக் குறிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்பதில் பத்துப் பேரும் பிரிந்து நிற்கிறார்கள். எதிரெதிர் கருத்துகளின் நடுப்புள்ளி 3-இல் விழுந்திருக்கிறது. அதைப் படிவத்தில் அச்சிட்டால், நோயாளியின் உறவினரைக் கவனித்ததைப் போற்றுகிறவர் ஒரு பக்கமும், ஹேண்ட்ஓவர் தடைபட்டதைக் குறையாகக் காண்கிறவர் மறு பக்கமும் இழுப்பார்கள். உங்கள் கட்டுரைக்கு வந்த 3-உம் இந்த வகைதான்; கருத்துக்கும் பிழைக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டும் என்பதையே அது காட்டுகிறது.

உண்மையான 3 தானாக வந்து சேராது. நிகழ்வு எழுதச் சொன்னால் எல்லோரும் மனத்தில் பதிந்த மிக நல்லதையும் மிக மோசமானதையும்தான் எழுதுவார்கள். ஆகவே தனியாகக் கேட்க வேண்டும்: ‘நேற்று வாங்கிய ஹேண்ட்ஓவர்களில் உங்களுக்குக் குறை சொல்லவும் ஒன்றும் இல்லாத, பாராட்டத் தோன்றவும் ஒன்றும் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்.’ அப்படிக் கேட்டபோதுதான் எங்களுக்கு நடுப்படிக்கான அட்டைகள் கிடைத்தன.

நொச்சிப்பூ

இந்த முறைப்படி அட்டைகளைத் திரட்டிப் பிரித்துவிட்டு மீண்டும் வருகிறேன் (இங்கே இன்சார்ஜ்களைவிட இளைய செவிலியர்கள்தான் ஆர்வமாக எழுதினார்கள்). அவற்றிலிருந்து அமைத்த ஐந்து படிகளைக் கீழே தருகிறேன்.

5: படுக்கை அருகே நின்று, முடிந்தவற்றையும் செய்ய வேண்டியவற்றையும் நேரத்துடன் சொன்னதோடு, ‘சிறுநீர் அளவு மதியத்திலிருந்து குறைந்துவருகிறது, மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் டியூட்டி டாக்டர் தம்மை அழைக்கச் சொல்லியிருக்கிறார்’ என்று எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

4: படுக்கை அருகே நின்று, அடுத்த டோஸ் நேரம், வர வேண்டிய லேப் ரிப்போர்ட், டிரெயின் அளவு ஆகியவற்றைக் கேட்காமலேயே சொன்னார்.

3: நர்சிங் ஸ்டேஷனில் கேஸ் ஷீட்டைப் பார்த்து நோயின் விவரமும் கொடுத்த மருந்துகளும் சொன்னார்; வர வேண்டிய ரிப்போர்ட் ஏதேனும் உண்டா என்று கேட்டபோது சரியாகப் பதில் சொன்னார்.

2: ‘நேற்று போலத்தான்’ என்று சொல்லிவிட்டுப் போனார், உணவுக்கு முன் பார்க்க வேண்டிய சுகர் பார்க்கப்படாமல் இருந்ததை அடுத்தவர் ஷீட்டைப் படித்துக் கண்டுபிடித்து, தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

1: அடுத்தவர் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார், நோயாளிக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பது யாரிடமும் சொல்லப்படவில்லை.

இரவுப்பணி

நான் இன்றும் வார்டில் பணி செய்யும் செவிலியர். மதிப்பிடப்படுகிறவள் என்ற நிலையிலிருந்து ஒரு கேள்வி கேட்கிறேன். எங்கள் வார்டில் இரவு 8 மணிக்கு நோயாளிகள் உறங்கத் தொடங்கியிருப்பார்கள். ஆறு பேர் படுக்கும் அறையில் அருகே நின்று பேசினால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் எல்லாம் கேட்கும். அதனால் ஸ்டேஷனில்தான் கொடுக்கிறோம். ஆனால் சிறுநீர் குறைவது, எப்போது மருத்துவரை அழைப்பது எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உங்கள் அளவுகோலில் நான் 5-ஆ, 3-ஆ?

பழைய மேட்ரன்

மிகச் சரியான கேள்வி. ஒரு படியில் இரண்டு செயல்களைச் சேர்த்து எழுதினால் இப்படித்தான் ஒருவர் பாதி 5-உம் பாதி 3-உம் ஆகிவிடுவார். மதிப்பிடுகிறவர் தமக்கு எது முக்கியமாகப் படுகிறதோ அந்தப் பாதியை எடுத்துக்கொள்வார். மூன்று இன்சார்ஜ்களிடம் இந்தச் சகோதரியின் நிலையைக் கொடுத்தால் மூன்று எண்கள் வரும்.

நொச்சிப்பூ, உங்கள் ஐந்து படிகளையும் மேலிருந்து கீழாக மறுபடி படித்துப் பாருங்கள். படுக்கை அருகே, ஸ்டேஷன் என்பதை நீக்கினாலும் ஐந்தும் அழகாக இறங்கிவருகின்றன. முதலில் வருவதில் பொறுப்பேற்கிறவர் எதையும் தேட வேண்டியதில்லை, இனி வரக்கூடியதும் அவருக்குத் தெரியும். அடுத்ததில் உள்ளவை எல்லாம் தெரியும். 3-இல் கேட்டால் தெரியும். 2-இல் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 1-இல் தேட வேண்டும் என்பதே தெரியாது. ஐந்து படிகளும் ஏறி இறங்க வேண்டிய ஒரே கோடு இதுதான். எங்கே நின்று சொன்னார் என்பதை ‘ஆம், இல்லை’ என்று தனியாகக் கேளுங்கள். படுக்கை அருகே நின்று பேச முடியாத வார்டுகளில் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

1-ஆம் படியிலும் இதே சிக்கல் உண்டு. முன்பே கிளம்பியது ஒன்று, ஒவ்வாமையைச் சொல்லாதது வேறொன்று. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நான் ஒவ்வாமையை வைப்பேன்.

எண்ணாளர்

2-ஆம் படியில் ‘சுகர்’ என்று குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள். சுகர் தவிர வேறொன்று விடுபட்டால் அது 2 ஆகாதா? இவ்வளவு குறிப்பாக எழுதினால் எந்த நிகழ்வும் அப்படியே பொருந்தாது அல்லவா?

பழைய மேட்ரன்

பொருந்த வேண்டிய தேவையில்லை. படியில் எழுதியிருப்பது சரிபார்ப்புப் பட்டியல் அன்று. ‘இவரிடம் இப்படிப்பட்டதை எதிர்பார்க்கலாம்’ என்று சொல்வதற்கான மாதிரி. இன்சார்ஜ் தாம் பார்த்ததை மேலும் கீழும் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, எதற்கு அருகில் நிற்கிறது என்று முடிவு செய்கிறார். ஆனால் ஒரு படிக்கு ஒரே மாதிரி இருந்தால் உங்கள் ஐயம் உண்மையாகிவிடும். ஆகவே வெவ்வேறு வார்டுகளிலிருந்து இரண்டு மூன்று மாதிரிகளைத் தருவது நல்லது. குழந்தைகள் வார்டு இன்சார்ஜுக்கு டிரெயின் அளவைக் காட்டுவதைவிட, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்பதைச் சொன்னாரா என்று காட்டுவது எளிதில் புரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வகை அளவுகோல்கள் மற்ற படிவங்களைவிடப் பெரிதும் துல்லியமானவை என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 1980-இல் லேண்டி, ஃபார் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, படிவத்தின் வடிவத்தை மாற்றுவதால் மட்டும் கிடைக்கும் பயன் குறைவு என்றே முடிவுக்கு வந்தார்கள். என் அனுபவமும் அதுதான். அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டால் யாரும் படிப்பதில்லை. இன்சார்ஜ்களை உட்கார வைத்து, படிகளில் இடம்பெறாத சில அட்டைகளைக் கொடுத்து, தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லி, எண்களை ஒரே நேரத்தில் பலகையில் எழுதி, வேறுபட்டவர்கள் எந்த மாதிரியை வைத்து அந்த எண்ணுக்கு வந்தார்கள் என்று பேச வைக்க வேண்டும். அந்தப் பேச்சில்தான் அளவுகோல் அவர்களுடையதாகிறது.

தமிழாசிரியை

நாங்களும் திருத்தத் தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஒரே தாளைத் திருத்தி ஒப்பிடுவோம். ஆனால் மூத்த ஆசிரியர் முதலில் தம் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே சொல்லிவிடுகிறார்கள். அது ஒருமித்த மதிப்பீடு போலத் தெரியும். அடுத்த தாளிலேயே பழைய வேறுபாடு திரும்பிவிடும். எண்களை எழுதி ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள்.

இரவுப்பணி

இன்னொரு சிக்கலுக்கு யாரும் விடை சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் 4, 5 என்று ஹேண்ட்ஓவர் கொடுத்த ஒருவர், ஒருநாள் இரட்டை டியூட்டி முடிந்த களைப்பில் ஒவ்வாமையைச் சொல்லாமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பெண் என்ன?

பழைய மேட்ரன்

அவரிடம் பொதுவாக எதை எதிர்பார்க்கலாம் என்பதே மதிப்பெண் என்பதால் 4 என்றுதான் போடுவேன். அந்த ஒரு நிகழ்வைத் தவறு நேர்ந்ததற்கான அறிக்கையில் எழுதி, இரட்டை டியூட்டி ஏன் போடப்பட்டது என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

வைகைக்கரை

முதலில் நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும், இந்த இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒவ்வாமையைச் சொல்லாததால் ஒரு நோயாளி உயிருக்குப் போராடினார் என்றால், அந்தச் செவிலியரின் தாளில் 4 இருப்பதை அந்தக் குடும்பத்திடம் எப்படி விளக்குவோம்? சில தவறுகளைச் சராசரிக்குள் கரைக்கக் கூடாது. ஒவ்வாமை, நோயாளி மாறிப்போவது போன்றவை நடந்தால் அந்தத் தலைப்பில் 2-க்கு மேல் போகக் கூடாது என்று விதி வைக்கலாம்.

இரவுப்பணி

அப்படி விதி வைத்தால், நடந்ததை நாங்களாகவே முன்வந்து சொல்வது நின்றுவிடும். இன்று சொல்கிறோம் என்றால், சொன்னால் மதிப்பெண் குறையாது என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறோம்.

நொச்சிப்பூ

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதை நான் தனியாக முடிவு செய்ய முடியாது, நிர்வாகக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்கிறேன்.

இடத்தைப் பற்றிய சொற்களை நீக்கித் திருத்திய படிகளைக் கொண்டு நான்கு இன்சார்ஜ்களுக்குப் புதிய அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தோம். எண்களை எழுதி ஒரே நேரத்தில்தான் காட்டினார்கள். ஓர் அட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எண்கள் ஒன்றாகவோ ஓர் எண் தள்ளியோ வந்தன. அந்த ஓர் அட்டை இது: ‘எல்லாத் தகவலையும் சரியாகச் சொன்னார்; ஆனால் மிக வேகமாகச் சொன்னதால் வாங்கிக்கொண்டவர் பாதியை எழுத முடியவில்லை.’ இதற்கு 4, 4, 2, 2 என்று வந்தது. தகவல் சொல்லப்பட்டதா என்பதைப் பார்த்தவர்கள் 4 என்றார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்பதைப் பார்த்தவர்கள் 2 என்றார்கள்.

நீங்கள் சொன்ன கோடு பொறுப்பேற்கிறவர் தேட வேண்டியது எவ்வளவு என்பதால், இதை 2-ஆம் படிக்கு இரண்டாவது மாதிரியாகச் சேர்க்கலாமா என்று எண்ணுகிறேன். அல்லது வாங்கிக்கொண்டவர் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாரா என்பதை 4-க்கும் 5-க்கும் நிபந்தனையாக்க வேண்டுமா?

பழைய மேட்ரன்

நிபந்தனையாக்கினால் மறுபடியும் ஒரு படியில் இரண்டு செயல்கள் சேர்ந்துவிடும். அட்டையை 2-இல் சேர்த்து, 4 போட்ட இருவரையும் அடுத்த சுற்றில் அதே வகை அட்டை ஒன்றுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அவர்கள் அப்போதும் 4-இலேயே நின்றால், மாதிரியை வைத்துப் பயன் இல்லை. மறுபடி வாங்கிக்கொள்ளும் செவிலியர்களிடமே போய்க் கேட்க வேண்டும்.